இல்லை என்று சொன்ன சாட்சி

சவப்பரிசோதனைப் புகைப்படங்களை அடுக்கி, பின்பக்கத்தில் பென்சிலால் குறிப்பெழுதுவதுதான் சீனியர் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. தஞ்சாவூர் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. படத்தில் இருந்தவருக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை. பிடரியில் ஒரு வெட்டு, எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. இரண்டு கணுக்காலிலும் கன்றிப்போன பிடித்தடம். "இது எப்படி வந்துச்சு?" என்றார் சீனியர். அவரை நாங்கள் மேடம் என்போம். "யாரோ காலைப் பிடிச்சிருக்காங்க" என்றேன். "யாரோ இல்ல, அப்ரூவர்" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தார்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அரிவாள் எனக்குப் புதிதல்ல. அது மனிதன் மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அந்தப் படங்களில்தான் பார்த்தேன்.

செத்தவர் இரண்டு வேலி, பதிமூன்று ஏக்கர் சொச்சம், குத்தகை நிலம் வைத்திருந்த ஒரு விவசாயி. வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் மேல்மடையில் நிலம் வைத்திருந்தவர் முதல் எதிரி. கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் சொல்வோம். சொந்தமாக அறுவடை எந்திரம், டிராக்டர், அடுத்த ஊரிலும் நிலம் என்று வசதியான ஆள். அவர் வாய்க்காலில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை மறிப்பதும், கீழே இருப்பவர்கள் எடுத்துப் போடுவதும் அந்த ஊரில் வருஷா வருஷம் நடப்பதுதான். அந்த வருஷம் குறுவை நடவு முடிந்த சமயம், ஊர்க்கூட்டத்தில் வாய்ச்சண்டை முற்றி, செத்தவர் எல்லார் முன்னாலும் முதல் எதிரியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு காலையில், தன் முறைத் தண்ணீருக்கு மடை திறக்கப் போனவரை வாய்க்கால் கரையிலேயே வெட்டினார்கள். வெட்டியது இரண்டு பேர்: முதல் எதிரியின் டிராக்டர் டிரைவரும் டிரைவரின் மச்சானும். அறுவடை எந்திரத்தில் கூலிக்கு இருந்த மூன்றாவது ஆள் காலைப் பிடித்துக்கொண்டான்.

அதைப் பார்த்தது ஒருவர் மட்டும். டீத் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்த செத்தவரின் மனைவி.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். முப்பத்தைந்துக்குள் இருக்கும். அரசு வக்கீலுக்கு உதவியாக மேடம் மனுப் போட்டு அக்காவின் சார்பில் ஆஜராகியிருந்தார். அதனால் வாய்தாவுக்கு வாய்தா அக்காவும் அவர் கொழுந்தனும் எங்கள் மாடிப்படியில் வந்து உட்காருவார்கள். செத்தவருக்கு ஒரே தம்பி அவர். மீசையை முறுக்கிக்கொண்டே பேசுவார்.

கேஸை அவர்தான் ஒரு நொடியில் சிக்கலாக்கியிருந்தார். கொலை நடந்த ஒரு மணி நேரத்துக்குள் அக்கா ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டார். மூன்று பேரையும் பெயர் சொல்லி, ஏவிவிட்டது மேல்மடைக்காரராகத்தான் இருக்கும் என்று சந்தேகத்தையும் சொல்லியிருந்தார். புகாரில் அவ்வளவுதான். மத்தியானம் ஸ்டேஷனுக்கு வந்த கொழுந்தன், தானும் கூட இருந்து பார்த்ததாக வாக்குமூலம் கொடுத்துவிட்டார். நான் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அண்ணே, நீங்க நெஜமா அங்க இருந்தீங்களா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"ஒரு குழி நெலத்த எழுதுனாக்கூடப் பத்திரத்துல ரெண்டு சாட்சி கையெழுத்துக் கேக்குறான். கொலைக்கு ஒத்தப் பொம்பள சொன்னா எடுத்துக்குவானா? நீ புதுசு, ஒனக்குத் தெரியாது."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு உண்மையை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று எந்த எண்ணிக்கையும் அதில் கிடையாது. ஒரே சாட்சி போதும். ஆனால் அந்தச் சாட்சி முழுக்க நம்பத்தக்கவராக இருக்க வேண்டும். முழுக்க நம்ப முடியாதவர் என்றால் ஒதுக்கிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்குத்தான் வேறு ஆதாரம் தேடுவார்கள். முதல் வரிசையில் நிற்க வேண்டிய அக்காவை நடுவரிசைக்கு இழுத்து விட்டிருந்தார் கொழுந்தன். நான் சொன்னபோது, "படிச்ச பேச்சு" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

காலைப் பிடித்தவன் பிடிபட்ட இரண்டாம் மாதம் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சி, ஆனான். மாஜிஸ்திரேட் முன்னால் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்வதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற்றான். ஜாமீன் கிடைக்காததால், விசாரணை முடியும்வரை அவன் ஜெயிலில்தான் இருக்க வேண்டும். அங்கே யாரோ அவன் தாடையை உடைத்தார்கள். யாரென்று அவன் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அவன் முதல்முறை சாட்சி சொன்னபோது நான் போயிருந்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அன்று விடியற்காலை முதல் எதிரி தன் பம்பு செட்டுக்கு மூவரையும் வரவழைத்து, காரிலிருந்து ஒரு சாக்கை இறக்கிக் கொடுத்தார், அதில் அரிவாள் இருந்தது, "கைய மொதல்ல எடுங்கடா, என்ன அடிச்ச கைய" என்றார் என்று சொன்னான். படத்தில் பார்த்த விரல்கள் எனக்கு அப்போது ஞாபகம் வந்தன.

குற்றத்தில் பங்கெடுத்தவனும் தகுதியான சாட்சிதான். ஆனால் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவன் தலையைக் காட்டக்கூடியவன் என்பதால், முக்கியமான விவரங்களில் வேறு ஆதாரம் இல்லாமல் கோர்ட் அவனை நம்பாது. அந்த ஆதாரமும் பொதுவாகக் கொலை நடந்தது என்று காட்டினால் போதாது. ஒவ்வொரு எதிரியையும் தனித்தனியாகக் குற்றத்தோடு கட்ட வேண்டும். டிரைவருக்கும் மச்சானுக்கும் அக்காவின் கண் இருந்தது. டிரைவரே இடம் காட்டப் போலீஸ் வைக்கோல் போரிலிருந்து எடுத்த ரத்தக்கறை அரிவாளும் இருந்தது. முதல் எதிரிக்கு? கன்னத்தில் அறை வாங்கியவர் என்ற முன்பகை. டிரைவரோடு பேசிய போன் அழைப்புகள். சொந்த டிரைவரோடு முதலாளி தினமும்தான் பேசுவார். மிச்சம் இருந்தது டீக்கடைக்காரர் ஒருவர்தான். பம்பு செட்டுக்கு எதிரே கடை. சாக்கு கைமாறியதைப் பார்த்ததாகப் போலீஸில் சொல்லியிருந்தார்.

விசாரணை தொடங்குவதற்கு முந்தைய மாதம் அவர் கடையை அடித்து நொறுக்கினார்கள். பாய்லரைத் தூக்கிப் போட்டதில் கொதிநீர் கொட்டி அவருடைய பின்தொடை வெந்துபோனது. மேடம் என்னை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குப்புறப் படுத்திருந்தார்.

"யாருங்க பண்ணது?"

"தெரியாது தம்பி. முகத்துல துணி."

"கோர்ட்டுக்கு வருவீங்களா?"

"வருவேன். கூப்புட்டா வராம இருக்க முடியுமா? ஆனா நான் ஒன்னும் பாக்கல. அன்னிக்கு எனக்குக் கண்ணுல பூச்சி விழுந்துடுச்சு." சிரிக்க முயன்று வலியில் பல்லைக் கடித்தார். "அந்தப் பூச்சி இன்னும் வெளிய வரல."

போலீஸில் சொன்னது சாட்சியம் ஆகாது. கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சியம். மேடம் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டார். ஒரு காவலர் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூச்சி வெளியே வரவில்லை.

அக்கா சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் மாடியறையில் ஒரே சத்தம். கொழுந்தன் மேஜையைக் குத்தினார்.

"டீக்கடைக்காரன் கவுந்துட்டான். இனிமே மேல்மடைக்காரனக் கட்டிப் போட ஆளில்ல. அண்ணி ஒரு வார்த்த சொன்னாப் போதும். கரையில தூரமா நின்னான், வெட்டுங்கடான்னான்னு. ஒத்த வார்த்த!"

"வெளிய போய்ப் பேசுங்க" என்றார் மேடம். "இங்க பேசக்கூடாது. நான் கேக்கவும் மாட்டேன்."

கொழுந்தன் படியில் இறங்கிப் போனார். மேடம் போனோடு உள்ளறைக்குப் போனார். அக்கா என்னைப் பார்த்தார்.

"சொல்லட்டுமா தம்பி?"

"அவரப் பாத்தீங்களா அக்கா?"

"பாக்கல. ஆனா அவன்தான். ஊருக்கே தெரியும். அந்த மூணு நாயும் அவன் அவுத்து விடாம வருமா?"

"பாக்காதத சொல்லாதீங்க. புகார்ல இல்லாத ஒன்ன இப்ப சொன்னா, அன்னிக்கு ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. நீங்க பாத்த மத்த எல்லாத்தையும் சேத்துப் பொய்யின்னுவாங்க."

"அப்ப அவன் தப்பிச்சுடுவான்."

தப்பிக்க மாட்டார் என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"வெரல் மூணும் தண்ணியில போயிடுச்சு தம்பி" என்றார் அக்கா. "மடைக்குள்ள கைய விட்டுத் தேடுனேன். கெடைக்கல. வெரல் இல்லாமத்தான் எரிச்சோம். அவனச் சும்மா விடச் சொல்றியா?"

மறுநாள் செஷன்ஸ் கோர்ட்டில் அக்கா கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் கேட்கக் கேட்க, நடந்ததை நடந்தபடி சொன்னார். டிரைவர் முதலில் கையில் வெட்டியது, மச்சான் பிடரியில் வெட்டியது, மூன்றாவது ஆள் சேற்றில் முட்டி போட்டுக் காலைப் பிடித்தது. தான் டீத் தூக்கை வீசிவிட்டு அவரிடம் ஓடியது. பக்கத்தில் போனபோது டிரைவர் அரிவாளை ஓங்கி, "நீயும் வர்றியாடி?" என்றது. ரத்தம் வாய்க்காலோடு அடுத்த வயலுக்குப் பாய்ந்து நட்ட நாற்றின் அடி சிவந்தது. சொல்லும்போது அழவில்லை. குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. "மெதுவா சொல்லுங்கம்மா, டைப் ஆகணும்" என்றார் நீதிபதி.

பிறகு முதல் எதிரியின் வக்கீல் எழுந்தார். அமைதியான மனிதர். இரண்டு மூன்று கேள்விதான்.

"சம்பவ இடத்தில் முதல் எதிரி இல்லை. சரிதானே?"

பார்வையாளர் பெஞ்சில் இருந்த கொழுந்தன் முன்னால் குனிந்தார். அவரும் சாட்சி என்பதால் வெளியே இருக்க வேண்டும் என்று கோர்ட் ஊழியரான டவாலி வந்து தோளைத் தொட்டார். அவர் எழுந்து போகும்வரை அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேள்வி புரியுதாம்மா?" என்றார் நீதிபதி.

"புரியுது." எதிரே கூண்டில் நின்ற முதல் எதிரியைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. "இல்ல. அங்க இல்ல."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

டிரைவருக்கும் மச்சானுக்கும் ஆஜரான வக்கீல் வேறு மாதிரி. மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்பார்.

"கணவனை மடியில் போட்டு அழுததாகச் சொல்றீங்க. ரத்தம் பட்ட சேலை எங்கே?"

"போலீஸு கேக்கல. அவரு கூடவே வச்சு எரிச்சாச்சு."

"எரிச்சீங்களா, இல்ல அப்படி ஒரு சேலையே இல்லையா? நீங்க வீட்டுல இருந்தீங்க. சேதி கேட்டு அப்புறம் வந்தீங்க. தண்ணித் தகராறுல எல்லார் மேலயும் பொய்க் கேஸ் போட்டீங்கன்னு சொல்றேன்."

"பொய் சொல்றதா இருந்தா அவனச் சொல்லியிருப்பேன்ல?" அக்கா முதல் எதிரியை நோக்கிக் கை நீட்டினார். "இப்பதான கேட்டாரு இவரு. அங்க இருந்தான்னு ஒரு வார்த்த சொல்ல எனக்கு வாயில்லையா?"

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அடுத்த கேள்வியில் குரல் இறங்கியிருந்தது.

"உங்க கொழுந்தன் அங்கே இருந்தாரா?"

"அவரு வந்தத நான் பாக்கல."

அரசு வக்கீல் கொழுந்தனை விட்டுவிடலாமா என்று யோசித்தார். குற்றப்பத்திரிகையில் நேரடி சாட்சி என்று போட்டவரை விசாரிக்காமல் விட்டால் அதையும் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளுமே என்று பயந்து, மறு வாய்தாவில் ஏற்றிவிட்டார். கொழுந்தன் மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினார். அண்ணியோடு நடந்து வந்தேன், மூணு பேரும் வெட்டினதைப் பார்த்தேன் என்று நன்றாகவே சொன்னார். மேஜை தட்டும் வக்கீல் எழுந்தார். இந்த முறை தட்டவில்லை.

"உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க?"

"செத்துப்போன அண்ணன். ஒரு தங்கச்சி. நன்னிலத்துல கட்டிக் குடுத்திருக்கு."

"தங்கச்சிக்குக் குழந்தை?"

"ஒரு பொண்ணு."

"காது குத்தியாச்சா?"

கொழுந்தன் முகம் மாறியது. அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி, பார்க்கலாம் என்றார்.

"சம்பவம் நடந்த அன்னைக்குக் காலையில, நன்னிலத்துல, காது குத்து. உங்க அண்ணன் மொறைத் தண்ணிக்காக ஊர்லயே இருந்துட்டார். சரியா?"

"அதுக்கென்ன?"

"குழந்தை யார் மடியில உட்கார்ந்துச்சு?"

ஒரு பெண் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அண்ணன் போகவில்லை என்றால் போனது தம்பிதான். வேறு யார் மடியிலோ உட்கார்ந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் கூண்டில் பிழைத்துக்கொள்வார். ஆனால் தங்கையின் பிள்ளை அந்நியன் மடியில் காது குத்திக்கொண்டது என்று ஊருக்கு முன்னால், எதிரிகளுக்கு முன்னால், சொல்ல வேண்டும்.

"பதில் சொல்லுங்க. வேற மாமன் யாராவது உண்டா?"

"எந்தப் பயலும் கெடையாது!" கொழுந்தன் கூண்டுக் கம்பியில் அறைந்தார். "நான் இருக்கும்போது எவன் மடியில உக்கார வைப்பாங்க? எம் மடியிலதான் உக்காந்துச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே புரிந்தது. டிரைவர் கூண்டுக்குள் நின்று சிரித்தான். கொழுந்தன் இறங்கி நேரே அவன் மேல் பாய்ந்தார். மூன்று காவலர்கள் சேர்ந்து பிடித்தும் டிரைவரின் உதடு கிழிந்துவிட்டது. நீதிபதி எழுந்து உள்ளே போய்விட்டார்.

டீக்கடைக்காரர் நொண்டிக்கொண்டே வந்து, எதுவும் பார்க்கவில்லை, போலீஸில் எதுவும் சொல்லவில்லை என்றார். அரசு வக்கீல் அவரைப் பிறழ்சாட்சியாக அறிவித்துக் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் பெயரவில்லை. அப்ரூவர் ஒரு நாள் முழுக்கச் சொன்னான். எவ்வளவு குடைந்தும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதிலிருந்து விலகவில்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "காலப் பிடிச்சப்ப அவரு எம் பேரச் சொல்லிக் கூப்புட்டாரு. விட்டுடுடான்னாரு" என்று அவன் சொன்னபோது, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். அவன் இல்லாமல் முதல் எதிரியின் பெயரே கேஸில் நிற்காது. அவனைத்தான் அக்கா நம்ப வேண்டியிருந்தது.

தீர்ப்பை நீதிபதி சுருக்கமாக வாசித்தார். கொழுந்தன் சம்பவ இடத்தில் இல்லை, அவர் சாட்சியம் முழுதும் ஒதுக்கப்படுகிறது. அதற்காக முதல் சாட்சியின் சொல் கெடாது; நெல்லிலிருந்து பதரைப் பிரிப்பதுதான் கோர்ட்டின் வேலை. மனைவி என்பதாலேயே அவரை நம்பாமல் விட முடியாது. கணவனைக் கொன்றவனை விட்டுவிட்டு வேறு ஒருவனை மாட்டிவிட அவருக்குக் காரணம் இல்லை. தான் பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே சொன்னவர். காயங்களும் அரிவாளும் அவர் சொன்னதோடு பொருந்துகின்றன. டிரைவருக்கும் மச்சானுக்கும் ஆயுள் தண்டனை. முதல் எதிரி மீது அப்ரூவரின் சொல் மட்டுமே இருக்கிறது. அவரைக் குற்றத்தோடு பிணைக்கும் தனி ஆதாரம் இல்லை. சந்தேகம் எவ்வளவு வலுத்தாலும் நிரூபணம் ஆகாது. விடுதலை.

"பதருன்னு என்னைத்தான் சொல்றாரா?" என்று கொழுந்தன் என் காதில் கேட்டார். நான் தலையாட்டினேன். "பரவால்ல. ரெண்டு பேரு மாட்டுனானுங்கல்ல" என்றவர் அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

வராந்தாவில் முதல் எதிரியைச் சுற்றிக் கூட்டம். யாரோ சால்வை கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் ஓரமாக இறங்கிப் போக நினைத்தோம். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவிடம் வந்து கைகூப்பினார். குரலில் கேலி இல்லை.

"நீ உள்ளதச் சொன்னம்மா. ஒன் வாயாலதான் நான் பொழச்சேன். நல்லா இருப்ப."

அக்கா கையில் பையோடு எவர்சில்வர் சாப்பாட்டுக் கேரியர். அதை வீசி அடித்தார். மேல் நெற்றியில் பட்டு முதல் எதிரி தூணில் மோதினார். இரண்டாவது அடி மூக்கில். விபூதியும் ரத்தமும் குழைந்து வெள்ளைச் சட்டையில் வழிந்தது. மூன்றாவதாக ஓங்கியபோது பை கிழிந்து சோறு தரையெங்கும் சிதறியது. கைப்பிடி மட்டும் கையில் இருந்தது. அதை வைத்தும் குத்தினார். நானும் மேடமும் இழுத்தபோது எங்களையும் உதறினார். "வெரலக் குடுடா! அந்த மூணு வெரலக் குடுடா!" என்று கத்தினார்.

புறக்காவல் நிலையத்திலிருந்து காவலர் ஓடி வந்தார். "யாரு அடிச்சது? யாரு பாத்தீங்க?" வராந்தா நிறைய ஆள். வக்கீல்கள், குமாஸ்தாக்கள், வாய்தாவுக்கு வந்தவர்கள். எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு குமாஸ்தா, "கால் தடுக்கித் தூண்ல விழுந்துட்டாருங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். காவலர் என்னிடம் திரும்பினார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்தார்.

"நான்தான் அடிச்சேன். எழுதிக்குங்க. விழல, நான் அடிச்சேன்."

"சும்மா இருங்க" என்று மேடம் கையைப் பிடித்தார்.

"ஏன் சும்மா இருக்கணும்? இத நான் பாத்தேன்ல?"

அவரைப் புறக்காவல் நிலைய பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ரத்தக் காய வழக்கு, ஜாமீனில் விடக்கூடியதுதான். நான் பிணைக்கு ஆள் பிடிக்க அலைந்துவிட்டு டீயோடு வந்தேன். மேடம் அப்பீலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். விடுதலையை எதிர்த்து மதுரை ஹைகோர்ட்டுக்கு நீங்களே போகலாம், உங்களுக்கு உரிமை உண்டு. ஆனா அங்கேயும் இதே கேள்விதான் கேப்பாங்க, பம்பு செட்டுல பாத்தது யாருன்னு. டீக்கடைக்காரர் சொன்னதை இனி மாத்த முடியாது.

"போடுங்க" என்றார் அக்கா. டீயை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, அவனுக்குத் தையல் போட்டாங்களா?"

"போட்டுட்டு இருக்காங்க அக்கா. மூக்கெலும்பு உடைஞ்சிருக்குன்னாங்க."

"ம்" என்றார். டீயை முழுதும் குடித்துவிட்டு, கேரியரின் அடுக்குகள் எல்லாம் கிடைத்தனவா என்று கேட்டார். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை என்றேன்.